கையை உள்ளே விட்டுப் பாருங்க

எல்லவிலிருந்து பதுளைக்கு இறங்கும் ரயில் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து தெமோதரையில் நிற்கும். அங்கிருந்து புறப்பட்டு மலையை ஒரு சுற்றுச் சுற்றி, சற்றுமுன் தான் நின்ற அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. பாதை பதுளையை எட்டியது 1924இல். நூறு வருடம் கழித்து இன்று இந்தத் துண்டுப் பாதையைப் படம் பிடிக்காத நாளே இல்லை. ரயில் வரும் நேரம் பார்த்து இருபது முப்பது போன்கள் ஒன்றாக உயரும். பாலத்தை எடுத்தவர்கள் அப்படியே திரும்பி மலைச்சரிவையும் எடுப்பார்கள். அங்கே கொழுந்து எடுக்கும் பெண்கள் நிற்பார்கள். ஒருவர் நிமிர்ந்து சிரிப்பார், அதுவும் காணொளியில் வரும். மேலே ஏதோ ஓர் இசையைப் போட்டுவிடுவார்கள். அந்தப் பெண் வாய் திறந்து சொன்ன ஒரு வார்த்தைகூட எந்தக் காணொளியிலும் இருக்காது.

குறுங்காணொளி எங்கள் ஊருக்கு வந்து நாளாகிவிட்டது. எங்கள் ஆட்கள் அதில் முகமாக இருக்கிறார்கள், குரலாக இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். ஏனென்றால் இந்த மலையில் பேசத் தெரியாதவரை நான் பார்த்ததில்லை. கொழுந்து மடுவத்தில் நிறுவைக்காக நடக்கும் வாதத்தைக் கேட்டிருக்கிறீர்களா? எத்தனை கிலோ கழித்தார்கள், போன கிழமை எவ்வளவு கழித்தார்கள், மழை நாளில் எவ்வளவு கழிப்பது நியாயம் என்று ஒரு பெண் மூச்சு விடாமல் அடுக்குவார். ஒரு சொல் வீணாக வராது. அதே பெண்ணின் முன்னால் போனைப் பிடித்து, “இதைப் பற்றிச் சொல்லுங்கக்கா” என்றால், “எழுதிக் குடுங்க தம்பி, பாத்துப் படிக்கிறேன்” என்பார்.

எழுதிக் கொடுத்த அந்த நிமிடமே காரியம் கெட்டுவிடுகிறது. எப்படிக் கெடுகிறது, எப்படிக் காப்பாற்றலாம் என்பதை ஒரே ஒரு பெரியம்மாவின் நாற்பது விநாடிப் பதிவை வைத்துச் சொல்கிறேன்.

அவர் தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களின் நிலத்தில் நாட்கூலிக்குக் கொழுந்து எடுத்துக் கொடுக்கிறார். ஒழுங்காகக் கொழுந்து எடுக்க ஆள் கிடைக்காத காலம் இது. அவருக்கு வேண்டியது புகழ் அல்ல. ஹாலிஎல, பசறை, பண்டாரவளைப் பக்கத்தில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவர்கள், “கொழுந்து விசயம் தெரிஞ்ச ஒரு அம்மா தெமோதரையில் இருக்காங்க” என்று தெரிந்து கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் முயற்சியில் பேத்தி எழுதிக் கொடுத்தாள். பாடசாலையில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளை. “பறிக்கப்பட்ட கொழுந்துகளைச் சாக்குகளில் அழுத்தி அடைத்தல் கூடாது. இதனால் கொழுந்தின் தரம் பாதிக்கப்படுகிறது” என்று தொடங்கியது. பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். எட்டுத் தடவை எடுத்தோம். எட்டிலும் கண் இடமிருந்து வலமாக நகர்வது தெரிந்தது. குரல் தாழ்ந்து தட்டையாகிவிட்டது. “பாதிக்கப்படுகிறது” என்ற சொல்லில் ஒவ்வொரு முறையும் கால் இடறுகிற மாதிரி நின்றார். பிழை அவருடையது அல்ல. எழுத்துத் தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் கனமாக உட்கார்ந்திருக்கும். அதை வாசிப்பவர் அங்கு வந்து சேரும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். பேசும்போது யாரும் அப்படி மூச்சைப் பிடிப்பதில்லை.

இரண்டாவது முறை தாளை எடுத்துவிட்டு, “நீங்களே பேசுங்க” என்றோம். ஆறு நிமிடத்துக்கு மேல் பேசினார். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தது, பழைய கணக்கப்பிள்ளை, அந்தக் காலத்துக் கூடை, இப்போதைய பை என்று எல்லாம் வந்தது. எனக்குக் கேட்கத் தெவிட்டவில்லை. ஆனால் சாக்கு விசயம் வந்தது நாலாவது நிமிடத்தில். முன்பின் தெரியாத ஒருவர் போனில் விரலை வைத்துத் தள்ளிக்கொண்டே போகிறபோது நாலு நிமிடம் காத்திருக்க மாட்டார். யூடியூப் 2024 ஒக்டோபர் முதல் குறுங்காணொளிக்கு மூன்று நிமிடம் வரை இடம் கொடுக்கிறது. இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. ஒரு விசயத்தைச் சொல்ல நாற்பது, ஐம்பது விநாடி தாராளம். நம் பேச்சு வேகத்தில் அதற்குள் எண்பது, தொண்ணூறு சொல் சொல்லிவிடலாம்.

மூன்றாவது முறை நாங்கள் மாற்றியது ஒன்றைத்தான். பேத்தியைப் போனுக்குப் பின்னால், பெரியம்மாவின் கண்மட்டத்தில் உட்கார வைத்தோம். புதிதாகக் கொழுந்து எடுக்க வந்தவள் மாதிரி அவள் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். “சாக்கு நிறைய அமுக்கிக் கட்டினா என்ன ஆகும் பாட்டி?” பெரியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “என்ன ஆகுமா? கைய உள்ள விட்டுப் பாரு. சுட்டுச்சுன்னா அன்னிக்கு எடுத்த கொழுந்து அம்புட்டும் போச்சு. வெந்து போயிரும். அப்புறம் காம்பப் பாரு, செவந்திருக்கும். கையால அமுக்காத, காலால மிதிக்காத, வெயில்ல வைக்காத. காத்துப் போகணும் அதுக்கு.” சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த சாக்குக்குள் கையை விட்டுக் காட்டினார்.

முப்பத்தெட்டு விநாடி. பேத்தியின் கேள்வியையும் பெரியம்மாவின் “என்ன ஆகுமா?” என்பதையும் வெட்டி எடுத்தோம். “கைய உள்ள விட்டுப் பாரு” என்பதே முதல் வார்த்தையாக நின்றது. இந்த வெட்டுக்குத் தனிச் செயலி எதுவும் தேவைப்படவில்லை. போனிலேயே படங்களைப் பார்க்கும் இடத்தில் முன்னும் பின்னும் நறுக்கும் வசதி இருக்கிறது.

அந்த மூன்று முயற்சிகளிலும் விசயம் ஒன்றுதான், பேசியவரும் ஒருவர்தான். யாரைப் பார்த்துப் பேசினார் என்பது மட்டும் மாறியது. தாளைப் பார்த்துப் பேசினார், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார், பிறகு தெரியாமல் கேட்கும் ஒரு பிள்ளையைப் பார்த்துப் பேசினார். பேச்சில் வளர்ந்தவருக்குப் பேச்சை இழுத்துவர எதிரில் ஓர் ஆள் வேண்டும். எழுதத் தெரிந்தவர் உதவ விரும்பினால் எழுதிக் கொடுக்கக் கூடாது, கேட்க வேண்டும். அதுவும் “அனுபவத்தைப் பகிருங்கள்” என்ற மாதிரிக் கேள்வி அல்ல. சாக்கு சூடானால் என்ன, காம்பு சிவந்தால் என்ன, ஐந்து நாளில் எடுக்க வேண்டியதைப் பத்து நாள் விட்டால் என்ன என்று கையால் தொட்டுப் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

படத்தைவிட ஒலிதான் அதிகம் படுத்துகிறது. முகம் கொஞ்சம் மங்கினாலும் ஆட்கள் பார்ப்பார்கள். பேச்சு விளங்காவிட்டால் போய்விடுவார்கள். லயத்துக் காம்பராவின் தகரக் கூரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும். நடு அறையில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஒலி மிச்சம் நின்றால் அங்கே பதிவு செய்யாதீர்கள், அல்லது பேசுபவருக்கு எதிரே கொடியில் இரண்டு கம்பளியைப் போட்டுவிடுங்கள். மழை பெய்தால் விட்டுவிட வேண்டியதுதான், தகரத்தில் விழும் மழையை எந்தக் கருவியும் முழுதாகப் பிரித்தெடுத்துத் தராது. வெளியில் எடுத்தால் காற்று. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் மலைமுகட்டில் எடுத்த பதிவு எல்லாம் எங்களுக்கு வீணாய்ப் போனது. வயர் உள்ள சாதாரண இயர்போனில் ஒரு சிறிய மைக் இருக்கும். அதைச் சேலையில் ஊசி குத்தி, வாயிலிருந்து ஒரு சாண் கீழே நிறுத்தி, மேலே ஒரு துண்டு மெல்லிய துணியைச் சுற்றினால் பாதித் தொல்லை தீரும். எடுத்து முடித்ததும் இயர்போனைக் கழற்றிவிட்டுப் போனின் ஒலிபெருக்கியிலேயே போட்டுக் கேளுங்கள். பசறை பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் அப்படித்தான் கேட்பார்.

வெளிச்சத்துக்கு வாசற்படி போதும். பேசுபவர் வாசலில் நின்று வெளியே பார்க்க வேண்டும், போன் முற்றத்தில் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாசல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வந்து, முகம் நிழலாகிவிடுகிறது.

முகம் காட்ட விரும்பாதவர்கள் நிறையப் பேர். வீட்டில் சம்மதிக்காத பெண்கள் இன்னும் அதிகம். அவர்களை வற்புறுத்துவது எனக்குப் பிடிக்காது, தேவையும் இல்லை. கையை மட்டும் எடுத்தால் போதும். கொழுந்து கிள்ளும் கை, விதை ஊன்றும் கை, தையல் மெசினில் துணி பிடிக்கும் கை. குரல் கூடவே வரும். அதுவும் வேண்டாமென்றால் குரலை மட்டும் அனுப்பலாம். மலை மறைத்துச் சிக்னல் பிடிக்காத லயங்களில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. முழுத் தெளிவில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி நூறு எம்பியைச் சாதாரணமாகத் தாண்டும். வட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு அரை எம்பிகூட வராது. நாட்சம்பளக்காரர் வீட்டில் டேட்டா வாங்கும் காசு அரிசிக் காசோடு போட்டி போடுகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் யோசனை சொல்லக் கூடாது.

பெரியம்மா விசயத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பதுளைப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் சிங்களவர்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் அதே விசயத்தைச் சிங்களத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டார், அதே கோபத்தோடு. அவருக்குச் சிங்களத்தில் ஓர் எழுத்தும் எழுத வராது. பேச்சு சந்தையில் வந்தது, பஸ்ஸில் வந்தது, பக்கத்துக் கிராமத்தில் கூலிக்குப் போன இடத்தில் வந்தது. மலையகத்தில் இப்படி இரண்டு மொழியிலும் சரளமாகப் பேசி இரண்டிலும் எழுதத் தயங்குபவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். எழுத்து என்று வந்தால் அவர்கள் இரண்டு மொழியிலும் பின்வரிசை. குரல் என்று வந்தால், கொழும்பில் ஒரே மொழியில் எழுதிக் குவிப்பவரைவிட அவர்களுக்கு வீச்சு அதிகம். இந்த ஒரு பலத்தை நாங்கள் இன்னும் பலம் என்று எண்ணவே தொடங்கவில்லை.

எழுத்து முழுக்கத் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. தேடுபவர் எழுத்தில்தான் தேடுகிறார். ஆகவே பதிவுக்கு மேலே ஒரு வரி வேண்டும், அதைப் பேத்தி எழுதட்டும். “அருமையான தகவல், முழுசா பாருங்க” என்று எழுதினால் யாருக்கும் அகப்படாது. “கொழுந்து சாக்கு சூடானால் என்ன செய்வது – தெமோதரை” என்று எழுதினால் தேவைப்பட்டவருக்கு அகப்படும். ஊர்ப் பெயரைத் தமிழில் ஒரு முறை, சிங்களத்தில் ஒரு முறை, ஆட்கள் தட்டச்சு செய்கிற மாதிரி `Demodara` என்று ஒரு முறை போட்டுவிட வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளையின் வேலை பேச்சுக்குப் பின்னால் வர வேண்டும்.

இது நமக்குப் புதிய ஏற்பாடும் அல்ல. இலங்கை வானொலிக்குத் தபாலட்டை போட்ட காலத்தில், லயத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் மற்ற எல்லோர் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்புவார். அதற்கும் முன்னால் 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் அச்சிட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் வாசிக்கத் தெரியாத தொழிலாளிகளிடம் போய்ச் சேர்ந்தது அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளின் பாட்டு. தோட்டத் துயரத்தைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். கேட்டவர்கள் அதை லயத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இன்றைய காலத்தில், பேசுபவருக்குத் துணை நிற்கும் இந்த இரண்டாவது ஆளின் வேலையை நன்றாக யோசித்துச் செய்தவர்கள் என்று நான் நினைப்பது சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா. பிபிசியில் வேலை செய்த பத்திரிகையாளர் சுப்ரான்சு சௌத்ரி தொடங்கியது. கோண்டி பேசும் ஆதிவாசிகள் சாதாரணப் போனிலிருந்து ஓர் எண்ணுக்கு மிஸ்ட்கோல் கொடுப்பார்கள். கணினி திரும்ப அழைக்கும். ஓர் எண்ணை அழுத்தினால் தாம் சொல்ல வந்ததைப் பதியலாம், வேறோர் எண்ணை அழுத்தினால் மற்றவர்கள் சொன்னதைக் கேட்கலாம். பேசியதை யாரும் திருத்தி எழுத மாட்டார்கள். ஆனால் வெளியாகும் முன்பு ஒருவர் கேட்டு, சரிபார்த்து, ஒரு சிறு தலைப்பு எழுதி வைப்பார். குறை சொல்பவர் தன் பெயரும் ஊரும் சொல்லி, பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சொல்வார். கேட்பவர்கள் அந்த அதிகாரியை அழைத்துக் கேட்பார்கள். குழாய்க்கிணறு திருத்தப்பட்டால், சம்பளப் பாக்கி வந்தால், குறை சொன்னவரே திரும்ப வந்து அதையும் பதிவார். குரலைச் சுற்றி இப்படி ஆள் நின்றதால்தான் அது காற்றோடு போகவில்லை.

சம்பளத்தைப் பற்றியும் நிர்வாகத்தைப் பற்றியும் பேச நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதனால்தான் சொல்கிறேன்: முகத்தை மறைத்துக் குரலை மட்டும் போட்டால் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். ஐம்பது குடும்பம் இருக்கும் லயத்தில் இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். தோட்டத்துக்குள் படம் எடுத்தால் கேள்வி வரும். சங்கம், சட்டத்தரணி, ஒரு பத்திரிகையாளர் என்று யாராவது கூட நிற்காமல் அந்த மாதிரிப் பதிவைத் தனியாகப் போடாதீர்கள். தொழில் திணைக்களத்துக்குப் போகும் முறைப்பாடு எழுத்தில்தான் இருக்க வேண்டும். அந்த வேலையைக் காணொளி செய்யாது.

இன்னொரு இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தப்புக் குழு இரண்டு வருடம் கிழமைக்கு ஒரு பதிவு போட்டது. திருவிழா, சாவு வீடு, கல்யாணம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பக்கத்தைத் திறந்துகொடுத்தவர் உறவுக்காரத் தம்பி. அவருடைய சிம், அவருடைய மின்னஞ்சல். அவர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனார், பழைய எண் காலாவதியானது, கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. பதிவுகள் எல்லாம் இன்றும் அங்கேயே இருக்கின்றன, கீழே இருக்கும் எண்ணுக்கு எடுத்தால் யாரும் எடுப்பதில்லை. குழு புதிதாக ஆரம்பித்த பக்கத்தை யாருக்கும் தெரியாது. ஆகவே கணக்கைப் பேசுபவரின் சொந்த எண்ணில் திறக்க வேண்டும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வங்கிப் புத்தகம் இருக்கும் பையிலேயே ஒரு தாளில் எழுதி இருக்க வேண்டும். மூலப் பதிவுகளை ஒரு மெமரி கார்டில் தனியாக வைக்க வேண்டும். உதவி செய்பவர் தன் பெயரையோ தன் கடை முத்திரையையோ படத்தின் மேல் ஒட்டக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நூற்றைம்பது வருடமாக இந்த மலையில் அடுத்தவர் பெயரில் போன உழைப்பு போதும்.

பெரியம்மாவின் பதிவுகள் இப்போது பதினொன்று. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவர் கேட்பதில்லை. நான் பார்ப்பது யூடியூப் காட்டும் இன்னொரு கோட்டை. எந்த விநாடியில் ஆட்கள் விட்டுப் போகிறார்கள் என்று அது சொல்லும். மூன்றாவது பதிவில் பேத்தி ஆசையாக, “வணக்கம் உறவுகளே, எல்லாரும் நலமா” என்று முன்னால் சேர்த்திருந்தாள். கோடு நாலாவது விநாடியில் சறுக்கி விழுந்தது. வணக்கத்தைக் கடைசிக்கு மாற்றினோம், பெயரும் ஊரும் போன் நம்பரும் அங்கேயே சொல்கிறார். கீழே சிலர் அவருடைய பேச்சைக் கிண்டல் செய்து எழுதினார்கள், “தோட்டத்துத் தமிழ்” என்று. பேத்தி அழித்துவிடலாமா என்று கேட்டாள். வசவாக இருந்ததை அழித்தோம். பேச்சை மாற்றவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ஹாலிஎலப் பக்கத்திலிருந்து ஒருவர், “கைய உள்ள விட்டுப் பாக்கச் சொன்ன அம்மாவா?” என்று அழைத்தார். இரண்டு மாதத்தில் வந்த நாலு அழைப்பில் இரண்டு வேலையாக முடிந்தது.

அடுத்து கவ்வாத்து வெட்டிய செடியில் முதல் கொழுந்தை எப்போது கிள்ளுவது என்று சொல்ல வேண்டுமாம் அவருக்கு. அதற்கு வெட்டிய மலையிலேயே நின்று காட்ட வேண்டும். நிலத்துக்காரர் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, பேத்தி கேள்வியோடு வருகிறாள். மழை விட்டிருக்க வேண்டும்.